டெட் டிராப் காட்சியைப் புரிந்துகொள்வது எப்படி? உளவுக் கதை படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இருவர் சந்திக்காமலேயே ஒரு பொருளைக் கைமாற்றுவதுதான் டெட் டிராப். உளவுக் கதைகளில் அடிக்கடி வரும் அந்தக் காட்சியை முதலில் முழுதாகப் பார்த்துவிடுவோம்.

மாலை ஐந்தரை மணி. வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றின் விசா பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் அலுவலகத்திலிருந்து இறங்குகிறாள். சலவைக்குக் கொடுத்திருந்த உடைகளை வாங்கிக்கொள்கிறாள். பஸ் ஏறி நூலகத்துக்குப் போய் அரை மணி நேரம் உட்காருகிறாள். பிறகு வேறொரு பஸ், சிறிது நடை, மறுபடி ஒரு பஸ். எட்டரை மணிக்கு ஒரு விளக்குக் கம்பத்தைக் கடக்கிறாள். கம்பத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு இருக்கிறது. அவள் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பத்து நிமிடம் கழித்து, ஆளில்லாத நடைபாலத்தின் ஓரத்தில் கிடக்கும் நசுங்கிய பால் பெட்டி ஒன்றைக் குனிந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். வீடு திரும்பும் வழியில் ஒரு மின்பெட்டியின் பக்கவாட்டில் சிறிய பச்சை நிறப் பட்டையை ஒட்டிவிட்டுப் போகிறாள். மறுநாள் காலை, அமைச்சகம் ஒன்றில் வேலை செய்யும் ஒருவர் பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பச்சைப் பட்டையைப் பார்க்கிறார். இரவு முழுக்கத் தூங்காத அந்த மனிதருக்கு அப்போதுதான் மூச்சு சீராகிறது.

புதிய வாசகருக்கு இதில் ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றும். பழகிய வாசகருக்கோ ஒவ்வொரு வரியிலும் நெஞ்சு படபடக்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒரே ஒரு கேள்விதான். இந்தக் கதையில் எந்த இருவர் சேர்ந்து காணப்படக் கூடாது? பெண்ணும் அமைச்சக ஊழியரும் ஒரே இடத்தில் ஒரு முறை கண்ணில் பட்டாலே போதும், அந்த ஊழியரின் கதை முடிந்தது. இந்தத் துறையின் சொற்களில் பெரும்பாலானவை அந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கப் பிறந்தவை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு காட்சியை மீண்டும் படிப்போம்.

படி 1: யார் யாருக்காக வேலை செய்கிறார்கள் என்று பிரியுங்கள்

நம் காட்சியில் அந்தப் பெண் ஹேண்ட்லர். உளவு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர், பயிற்சி பெற்றவர், ஒரு நாள் ஓய்வூதியம் வாங்கப்போகிறவர். அமெரிக்காவின் சிஐஏவில் இந்த வேலையைச் செய்பவரை கேஸ் ஆஃபீசர் என்பார்கள். அமைச்சக ஊழியர்தான் அசெட். அவர் தன் நாட்டின் ரகசியங்களைத் தானே எடுத்துக் கொடுப்பவர். அவருக்கு உளவு நிறுவனத்தில் நாற்காலி கிடையாது, அடையாள அட்டை கிடையாது. ஆனால் மாட்டிக்கொண்டால் தேசத்துரோகக் குற்றச்சாட்டைச் சுமக்கப்போவது அவர்தான்.

இங்கே புதியவர்களைக் குழப்பும் சொல் ஏஜென்ட். சினிமாவில் கோட்டுப் போட்ட நாயகனை ஏஜென்ட் என்று அழைப்பார்கள். சிஐஏவின் வழக்கில் ஊழியர் என்றால் ஆஃபீசர், அவர் வளைத்துப்போட்ட வெளிநாட்டவர்தான் ஏஜென்ட். எஃப்பிஐயில் நேர்மாறு: அங்கே விசாரணை அதிகாரிகளின் பதவிப்பெயரே ஸ்பெஷல் ஏஜென்ட். ஆகவே ஒரு பாத்திரம் ஏஜென்ட் என்று அறிமுகமானால் உடனே முடிவுகட்டாமல், அவருக்குச் சம்பளம் தரும் நிறுவனம் எது, அவர் திருடித் தருவது யாருடைய ரகசியத்தை என்று பாருங்கள். இரண்டுக்கும் விடை கிடைத்ததும் அவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

ஹேண்ட்லரின் வேலை காகிதங்களை வாங்கி அனுப்புவதோடு முடிவதில்லை. அசெட்டின் பயம், குற்ற உணர்வு, கோபம், மகனின் பள்ளிப் படிப்பு என எல்லாவற்றையும் அவர் கவனிக்க வேண்டும். நல்ல கதைகளில் இந்த உறவுதான் முதுகெலும்பு. ஹேண்ட்லர் உண்மையாகவே அக்கறை காட்டுகிறார், அந்த அக்கறையே அசெட்டை ஆபத்தில் நீடிக்கவும் வைக்கிறது. ஒரு காட்சியில் ஹேண்ட்லர் ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்று கேட்டால், பக்கத்தை மெதுவாகப் புரட்டுங்கள்.

படி 2: கவர் எது, அது உடைந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள்

விசா பிரிவு வேலைதான் அந்தப் பெண்ணின் கவர், அதாவது அவள் அந்த நகரத்தில் இருப்பதற்கு வெளியே சொல்லும் காரணம். அந்த வேலையை அவள் உண்மையிலேயே செய்தாக வேண்டும். பகலெல்லாம் விசா விண்ணப்பங்களைப் பார்த்துவிட்டு மாலையில்தான் இரண்டாவது வேலை தொடங்குகிறது.

தூதரகப் பதவியில் மறைந்திருப்பதை அஃபிஷியல் கவர் என்கிறார்கள். அவளுக்குத் தூதரகப் பாதுகாப்பு இருந்தால், பிடிபட்டாலும் சிறையில் அடைக்க முடியாது. 1961ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி அவள் பணிபுரியும் நாடு அவளை ‘வேண்டாதவர்’ என்று அறிவித்து வெளியேற்றலாம், அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தூதரகத்திலிருந்து வரும் ஒவ்வொருவர் மீதும் உள்ளூர் பாதுகாப்புத் துறை ஒரு கண் வைத்திருக்கும்.

வியாபாரியாகவோ மாணவராகவோ வந்து தங்குபவர்கள் அந்தப் பார்வையிலிருந்து தப்பலாம், ஆனால் பிடிபட்டால் காப்பாற்ற யாரும் இல்லை. கோர்டன் லான்ஸ்டேல் என்ற கனடா நாட்டு வியாபாரியாக லண்டனில் வாழ்ந்தவர் உண்மையில் கோனோன் மொலோடி என்ற சோவியத் அதிகாரி. 1961இல் கைதான அவருக்கு 25 ஆண்டுச் சிறை விதித்தார்கள். 1964இல் ஒரு கைதிப் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார்.

கவருக்குப் பின்னால் பிறந்த ஊர், படித்த பள்ளி, பழைய வேலை என்று கட்டியெழுப்பிய முழு வாழ்க்கைக் கதைக்கு லெஜண்ட் என்று பெயர். மொலோடி பயன்படுத்தியது உண்மையில் பிறந்து இறந்துபோன ஒரு கனடியரின் அடையாளத்தை. பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினால் பெயர் இருக்கும். கதையில் ஒரு பாத்திரம் விருந்தில் உட்கார்ந்து சிறுவயது நினைவுகளைத் தேவைக்கு மேல் துல்லியமாகச் சொன்னால், எழுத்தாளர் லெஜண்டின் தையலைக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: சுற்றி நடப்பதை அலட்சியமாகத் தாண்டாதீர்கள்

ஐந்தரையிலிருந்து எட்டரை வரை அவள் செய்ததெல்லாம் எதற்கு? பின்தொடர்பவர்களைக் கண்டுபிடிக்கத் திட்டமிட்ட பாதை அது. துறையில் சர்வைலன்ஸ் டிடெக்‌ஷன் ரூட் என்பார்கள், சுருக்கமாக எஸ்டிஆர். கதைகளில் ‘ட்ரை கிளீனிங்’ என்ற செல்லப்பெயரும் வரும்.

இதில் சினிமா பெரும்பாலும் தவறு செய்கிறது. கதவு மூடும் நொடியில் ரயிலிலிருந்து குதிப்பது, கடைக் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்ப்பது, சந்துகளில் ஓடுவது எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படிச் செய்த மறுகணமே, பின்தொடர்பவருக்கு ‘இவள் உளவாளிதான்’ என்று உறுதியாகிவிடும். அன்று தப்பலாம், மறுநாளிலிருந்து இரண்டு மடங்கு ஆட்கள் பின்னால் வருவார்கள். பயிற்சி பெற்றவர் தன்னைச் சலிப்பூட்டுபவராகக் காட்டிக்கொள்வார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நியாயமான காரணம் இருக்கும். சலவை உடையும் நூலகமும் அதற்குத்தான்.

அவள் தேடுவது சந்தேகப்படும்படியான ஒரு முகத்தை அல்ல. சலவைக் கடையருகே கண்ட அதே முகமோ, அதே காரோ, தொடர்பே இல்லாத இன்னொரு பகுதியில் ஒரு மணி நேரம் கழித்துத் தெரிகிறதா என்பதையே பார்க்கிறாள். சட்டை மாறும், தொப்பி மாறும். காலணியும் நடையும் அவ்வளவு சுலபமாக மாறாது. ஒருவர் அப்படி இரண்டாவது முறை கண்ணில் பட்டால் வேலையைக் கைவிட்டு, வழக்கமான ஒரு மாலைப்பொழுதுபோல வீடு திரும்ப வேண்டும். இப்படிப் பாதியில் திரும்பும் அத்தியாயம் உள்ள நாவலை நான் கூடுதலாக நம்புவேன். பின்னால் யாரும் இல்லை என்று உறுதியான நிலைக்கு ‘பிளாக்’ என்று பெயர். அந்தச் சொல் உரையாடலில் வந்தபிறகுதான் உண்மையான காட்சி தொடங்கும்.

படி 4: சிக்னல், டிராப், பதில் சிக்னல் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்

டெட் டிராப் என்பது பொருளை ஒருவர் வைத்துவிட்டுப் போக, இன்னொருவர் பிறகு வந்து எடுத்துக்கொள்ளும் இடம். இருவரும் சந்திப்பதில்லை. நடக்கும்போதே கைமாற்றிக்கொண்டு நிற்காமல் கடந்துபோவது பிரஷ் பாஸ். அதில் ஓரிரு விநாடியாவது இருவரும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும், டெட் டிராப்பில் அதுவும் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அடையாளக் குறி போடும் இடமும் பொருள் வைக்கும் இடமும் ஒன்றாக இருக்கவே கூடாது. சிக்னல் இருக்கும் இடம் பலரும் தினமும் கடக்கும் சாலையில், பஸ்ஸிலிருந்தே பார்க்கும்படி இருக்க வேண்டும். டிராப் இருக்கும் இடத்திலோ ஒரு நிமிடமாவது யார் கண்ணிலும் படாமல் குனிய முடிய வேண்டும், அதே நேரம் அங்கே போவதற்கு ஒரு சாதாரணக் காரணமும் இருக்க வேண்டும். சாக்பீஸ் கோடு ‘பொருள் வைத்தாயிற்று’ என்கிறது. பச்சைப் பட்டை ‘எடுத்தாயிற்று’ என்கிறது. அந்தப் பதில் வராவிட்டால் அசெட்டுக்கு அது நரக வேதனை. பெட்டியைக் குப்பைக்காரர் எடுத்தாரா, குழந்தைகள் எடுத்தார்களா, போலீஸ் எடுத்ததா என்று தெரியாமலே மறுநாள் அலுவலகம் போக வேண்டும். நசுங்கிய பால் பெட்டியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. யாரும் ஆசைப்பட்டு எடுக்காத அளவு அழுக்காகவும், அன்றே துப்புரவு செய்துவிடாத இடத்திலும் பொருள் இருக்க வேண்டும்.

இது கற்பனை மட்டுமல்ல. சிஐஏவுக்குள் இருந்தபடி சோவியத்துக்கு வேலை செய்த ஆல்ட்ரிச் ஏம்ஸ், வாஷிங்டனில் ஒரு தபால் பெட்டியின்மேல் சாக்பீஸ் கோடு போட்டுத்தான் தன் ஹேண்ட்லர்களுக்குச் செய்தி சொன்னார். 1994 பிப்ரவரியில் அவர் கைதானார்.

நம் காட்சியைப் பெரிதும் ஒத்த ஒரு நிகழ்வும் உண்டு. ராபர்ட் ஹான்சன் எஃப்பிஐயில் எதிர் உளவுப் பிரிவில் இருந்தவர். 1979இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நிறுத்தி, 2001 வரை சோவியத்துக்கும் பிறகு ரஷ்யாவுக்கும் ரகசியங்களை விற்றார். 2001 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. நண்பர் ஒருவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, வர்ஜீனியாவில் உள்ள ஃபாக்ஸ்டோன் பூங்காவுக்கு வந்தார். பூங்காவின் பெயர்ப் பலகைக் கம்பத்தில் வெள்ளை ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டினார். அதுதான் சிக்னல். பிறகு உள்ளே நடந்து, ஒரு மர நடைபாலத்தின் அடியில் ரகசிய ஆவணங்கள் அடங்கிய குப்பைப் பையை வைத்தார். அதுதான் டிராப். காருக்குத் திரும்பும்போது, காத்திருந்த எஃப்பிஐ அதிகாரிகள் அவரைப் பிடித்தார்கள். இன்னொரு இடத்தில் அவருக்காக 50,000 டாலர் வைக்கப்பட்டிருந்தது.

ஹான்சன் தன் உண்மைப் பெயரையே ரஷ்யர்களிடம் சொல்லவில்லை. ‘ரமோன்’ என்று கையெழுத்திட்டார். நேரில் சந்திக்க மறுத்து, டெட் டிராப் மட்டும் போதும் என்றார். அப்படி இருந்தும் எப்படி மாட்டினார்? முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி ஒருவர், பெரும் தொகைக்குப் பழைய கோப்பு ஒன்றை அமெரிக்கர்களிடம் விற்றார். அதில் ஒரு தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவு இருந்தது. ஹான்சன் முன்பு ஒரு பொட்டலத்தைச் சுற்றிவைத்திருந்த பிளாஸ்டிக் பையும் இருந்தது. குரலைச் சக ஊழியர்கள் அடையாளம் கண்டார்கள், பையிலிருந்து கைரேகை கிடைத்தது. டெட் டிராப் மனிதர்களைப் பிரித்துவைக்கும், ஆனால் பொருள் மறுபக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அதை யார் எவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்பது அசெட்டின் கையில் இல்லை. கதையில் யாராவது உறையை வெறும் கையால் ஒட்டுவதாக எழுதியிருந்தால், அந்த வரியை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: எந்த இடத்தில் கெட்டுப்போயிற்று என்று தேடுங்கள்

வேலை அம்பலமாகிவிட்டதைச் சொல்ல ‘பிளோன்’, ‘பர்ன்ட்’ என்று இரு சொற்கள் வரும். கவர் பிளோன் என்றால் பொய் அடையாளம் வெளிப்பட்டது. ஒருவர் பர்ன்ட் என்றால் எதிரிக்கு அவரைத் தெரியும், இனி அவரை எங்கும் பயன்படுத்த முடியாது. ஓர் இடமும் பர்ன்ட் ஆகலாம். நல்ல எழுத்தாளர்கள் வாசகருக்கு இதைத் தெரிவித்துவிட்டு, பாத்திரத்துக்குத் தெரியாமல் வைப்பார்கள்.

மாஸ்கோவில் 1977இல் அப்படித்தான் நடந்தது. அலெக்ஸாண்டர் ஓகோரோட்னிக் சோவியத் வெளியுறவு அமைச்சக ஊழியர். கொலம்பியாவில் பணியாற்றியபோது சிஐஏ அவரைச் சேர்த்துக்கொண்டது, வைத்த சங்கேதப் பெயர் டிரைகன். மாஸ்கோவில் அவருக்கான டிராப்களை வைத்தவர் மார்த்தா பீட்டர்சன். பகலில் அமெரிக்கத் தூதரகத்தில் சாதாரண ஊழியர். ஒரு பெண் கேஸ் ஆஃபீசராக இருப்பார் என்று சோவியத் உளவு அமைப்பான கேஜிபி நினைக்கவில்லை, அதனால் அவர் பின்னால் ஆள் வரவே இல்லை. அந்த ஆணவம் அவருக்கு மிகச்சிறந்த கவராக அமைந்தது.

1977 ஜூலை 15 அன்று இரவு, நீண்ட எஸ்டிஆர் முடித்து, மாஸ்கோ ஆற்றின் மேல் உள்ள கிராஸ்னோலுஷ்ஸ்கி ரயில் பாலத்தில் பொட்டலத்தை வைத்தார். கற்கட்டித் துண்டுபோலச் செய்து உள்ளே குடைந்த பொருள் அது. பீட்டர்சன் எல்லாவற்றையும் சரியாகவே செய்தார். ஆனால் டிரைகன் அதற்கு முன்பே கைதாகி, பேனாவுக்குள் மறைத்திருந்த விஷத்தைக் கடித்து இறந்துபோயிருந்தார். கேஜிபி அந்தப் பாலத்தில் காத்திருந்தது. பீட்டர்சனைப் பிடித்து கேஜிபியின் தலைமையகமான லூபியங்காவுக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். தூதரகப் பாதுகாப்பு இருந்ததால் விடுவித்து நாடுகடத்தினார்கள். படி 2இல் சொன்ன வேறுபாடு இங்கே கண்முன் நிற்கிறது. ஒரே வேலையில் ஈடுபட்ட இருவரில் ஹேண்ட்லர் விமானம் ஏறினார், அசெட் உயிரை விட்டார்.

இது தெரிந்தபிறகு, எஸ்டிஆர் சுத்தமாக முடிந்தது என்பதால் மட்டும் காட்சி பாதுகாப்பானது என்று நினைக்க மாட்டீர்கள். பின்தொடர்பவர் இல்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மற்றொன்று, நீங்கள் எங்கே வரப்போகிறீர்கள் என்று ஏற்கெனவே தெரியும்.

அசெட் மாட்டிக்கொள்ளப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால், நாட்டைவிட்டு ரகசியமாக வெளியே எடுக்கும் முயற்சி நடக்கும். அதுதான் எக்ஸ்ஃபில்ட்ரேஷன், பேச்சில் எக்ஸ்ஃபில். 1985இல் தங்களுக்கு ரகசியமாக வேலை செய்த கேஜிபி அதிகாரி ஒலெக் கோர்டியெவ்ஸ்கியை பிரிட்டிஷார் காரின் டிக்கியில் மறைத்து ஃபின்லாந்து எல்லையைக் கடத்தியது அப்படி ஒன்று.

கடைசியாக, ஒன்றோடொன்று குழம்பும் மூன்று சொற்கள். மோல் என்பவர் எதிரியின் நிறுவனத்துக்குள்ளேயே பதவியில் உட்கார்ந்து வேலை செய்யும் அசெட். ஏம்ஸும் ஹான்சனும் அந்த வகை. டபுள் ஏஜென்ட் என்பவர், இரண்டு பக்கமும் அவரை ‘நம் ஆள்’ என்று நம்பினாலும், உண்மையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் உழைப்பவர். டேங்கிள் என்பது எதிரி வேண்டுமென்றே அனுப்பும் தூண்டில். ‘ரகசியம் தருகிறேன்’ என்று தானாக வந்து நிற்பவர்.

இந்த டேங்கிள் பயத்தால்தான் நிஜத்தில் பல வாய்ப்புகள் கைநழுவியிருக்கின்றன. சோவியத் ரேடார் பொறியாளர் அடால்ஃப் டோல்கச்சேவ் 1977இல் மாஸ்கோவில் அமெரிக்கர்களின் காரை அணுகிக் கடிதம் கொடுக்க முயன்றார். பொறியாக இருக்குமோ என்று சிஐஏ திரும்பத் திரும்ப ஒதுக்கியது. பிறகு ஏற்றுக்கொண்டபோது அவர் தந்த விமான ரேடார் ரகசியங்கள், அந்தக் காலத்தின் மிக மதிப்புள்ள தகவல்களில் சேர்ந்தன. ஆகவே கதையில் ஒருவர் வலிய வந்து உதவினால், ஹேண்ட்லர் எவ்வளவு காலம் அவரை நம்பாமல் இருக்கிறார் என்று கவனியுங்கள். முதல் அத்தியாயத்திலேயே நம்பிவிட்டால், எழுத்தாளர் அவசரப்படுகிறார், அல்லது அந்த நம்பிக்கையைப் பிறகு உடைக்கத்தான் போகிறார்.